பதில் தெரியாமல் கேட்கவில்லை அவர்

இடைவேளையில் பசங்களை உட்கார வைத்துக் கேள்வி கேட்ட அந்தக் கால்பந்துக் கோச்சின் வீடியோவை நேற்றிலிருந்து எத்தனை பேர்தான் எனக்கு அனுப்புவீர்கள்? பார்த்துவிட்டேன். கீழே உள்ள கமெண்ட்டுகளையும் படித்துவிட்டேன். "ரெண்டு கோல் வாங்கிட்டு உக்காந்து க்விஸ் நடத்துறாரு." "பதில் தெரிஞ்சா சொல்ல வேண்டியதுதானே?" "இதுக்கா மாசாமாசம் ஃபீஸ் கட்டுறோம்?" வரிசையாகச் சிரிப்பு இமோஜிகள். நான் மதிக்கிற இரண்டு பேரும் அதில் இருந்ததால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அவர் பதில் தெரியாமல் கேட்கவில்லை. முதலில் இதை வாங்கிக்கொள்ளுங்கள். "பந்து உன் கிட்ட வர்றதுக்கு முன்னாடி உனக்குப் பின்னால யார் இருந்தா?" என்று ஒரு மிட்ஃபீல்டரிடம் கேட்கிறார். பின்னால் யார் இருந்தார்கள் என்பது கோட்டுக்கு வெளியே நிற்கும் அவருக்கு நன்றாகவே தெரியும். அந்தப் பையனுக்குத் தெரிந்திருந்ததா என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டியது. அதைக் கண்டுபிடிக்கக் கேட்பதைத் தவிர வேறு வழி இல்லை.

ஒரே தவறு இரண்டு காரணங்களால் நடக்கும். முதுகைக் காட்டிக்கொண்டு பந்து வாங்குகிற பையன், திரும்பியதும் எதிராளியின் காலில் பந்தைக் கொடுத்துவிடுகிறான். அவன் எதிராளியைப் பார்த்தும் திரும்பியிருக்கலாம், பார்க்காமலே திரும்பியிருக்கலாம். முதலாவது முடிவெடுப்பதில் உள்ள பிரச்சினை, அல்லது கால் பழகாத பிரச்சினை. இரண்டாவது, தகவலே இல்லாத பிரச்சினை. வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். "திரும்பாதடா!" என்று கத்தினால் அடுத்த தடவை திரும்ப மாட்டான். பின்னால் பத்து மீட்டருக்கு ஆளே இல்லாதபோதும் திரும்ப மாட்டான். அப்போது "திரும்புடா!" என்று கத்துவீர்கள். ஆட்டம் முழுக்க இப்படியே போகும், பையன் பந்தை விட்டுவிட்டு உங்கள் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

சரி, கேள்வி கேட்டால் மட்டும் என்ன ஆகிவிடும்? பயிற்சியில் அது எப்படிப் போகும் என்று ஒரு பையனை வைத்தே சொல்கிறேன். பன்னிரண்டு வயது, நடுவில் ஆடுகிறவன், மேலே சொன்ன அதே வியாதி. நாலுக்கு நாலு ஆட்டம், சுமார் 30 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், சின்ன கோல்கள். அவன் மூன்று தடவை அதே மாதிரி பந்தை விட்ட பிறகுதான் நிறுத்த வேண்டும். ஒரு தடவை விட்டது தற்செயலாக இருக்கலாம்.

முதல் நிறுத்தம். எல்லோரும் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். "திரும்பிப் பார்க்காம சொல்லு, உனக்குப் பின்னால எத்தனை பேரு?" தெரியவில்லை. ஆக, இது கால் பிரச்சினை இல்லை, கண் பிரச்சினை. "எப்பப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும்?" கொஞ்சம் யோசித்து, "பந்து என் கிட்ட வந்ததும்" என்கிறான். தப்பான பதில். பந்து காலுக்கு வரும் நேரத்தில் தலையைத் திருப்பினால் முதல் டச் போய்விடும். இங்கேதான் பெரும்பாலான கோச்சுகளுக்குக் கை துறுதுறுக்கும், உடனே திருத்திவிடுவார்கள். திருத்தக் கூடாது. "சரி, அப்படியே பண்ணிப் பாரு" என்று ஆட்டத்தை ஓட விட வேண்டும். மொத்தம் நாற்பது விநாடிக்கு மேல் நிறுத்தவும் கூடாது, மற்ற ஏழு பேரும் ஆறிப்போவார்கள்.

ஐந்து நிமிடத்தில் அவன் சொன்ன வழியே அவனுக்குத் தோற்றுக் காட்டிவிடும். பந்து காலில் பட்டுத் தெறிக்கும், அவனுக்கே எரிச்சல் வரும். இரண்டாவது நிறுத்தம். "என்ன ஆச்சு?" "பார்த்தேன், பந்து போயிடுச்சு." "அப்ப வேற எப்பப் பார்க்கலாம்?" இந்தத் தடவை பதில் வேறு மாதிரி வரும்: பந்து இன்னும் சக ஆட்டக்காரன் காலில் இருக்கும்போது, அல்லது அந்தச் சக ஆட்டக்காரனை நோக்கி உருண்டு போய்க்கொண்டிருக்கும்போது. அதுதான் சரியான நேரம். அந்த ஒன்று ஒன்றரை விநாடி பந்தைப் பார்த்து அவனுக்கு ஆகப்போவது எதுவும் இல்லை. அப்புறம் ஒரே ஒரு கேள்வி பாக்கி: "ஆள் ஒட்டி நின்னா என்ன பண்ணுவ, தள்ளி நின்னா என்ன பண்ணுவ?" ஒட்டி நின்றால் வந்த பக்கமே ஒரே டச்சில் திருப்பிக் கொடுப்பான், தள்ளி நின்றால் உடம்பைப் பாதி திறந்து வாங்கி முன்னால் போவான். அதை அவனே சொல்வான். பிறகு எட்டு பத்து நிமிடம் கோச் வாயைத் திறக்கக் கூடாது.

வேலை செய்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எண்ண வேண்டும். அவனுக்கு வரும் அடுத்த பத்து பாஸில், பந்து வரும் முன் எத்தனை தடவை தோளுக்கு மேல் தலை திரும்பியது, எத்தனை பந்து போனது, இரண்டே கோடு. தலை திரும்பியும் பந்து போனால் இப்போது அது கால் பிரச்சினை, அதற்கு வேறு பயிற்சி. தலை திரும்புகிறது, ஆனால் ஆள் ஒட்டி நிற்கும்போதும் திரும்புகிறான் என்றால் சும்மா ஒப்புக்குத் தலையாட்டுகிறான், எதையும் பார்க்கவில்லை. அதற்கும் ஒரு சோதனை உண்டு. பாஸ் வரும்போது கோச் பின்னாலிருந்து ஒரு கையில் விரல்களைக் காட்டி, ஆட்டம் நின்றதும் எத்தனை விரல் என்று கேட்கலாம்.

"ஆனா மேட்ச்ல இதுக்கெல்லாம் நேரம் ஏது?" இதைத்தானே அடுத்துக் கேட்கப்போகிறீர்கள்? நியாயம். மேட்ச் ஓடிக்கொண்டிருக்கும்போது கோட்டுக்கு வெளியே நின்று கேள்வி கேட்பது முட்டாள்தனம். அதை யாரும் செய்யச் சொல்லவில்லை, அந்தக் கோச்சும் செய்யவில்லை. அவர் கேட்டது இடைவேளையில்.

"சின்னப் பசங்களுக்கு என்ன தெரியும்?" இதற்குப் பதில் சொல்லவே அலுப்பாக இருக்கிறது. தெரியாத விஷயத்தைக் கேட்டால் தெரியாதுதான். இன்றைக்குத்தான் முதல் தடவை பந்தைத் தொடுகிறவனிடம் போய் "எதிரணியோட அமைப்புல எங்க ஓட்டை இருக்கு?" என்று கேட்டால் தப்பு கேட்டவர் மேல்தான். அவன் கண்ணால் பார்த்திருக்கக்கூடியதைக் கேட்க வேண்டும். 1982இல் இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் பங்க்கர், தோர்ப் என்ற இருவர் இதைத்தான் சொன்னார்கள்: பிள்ளைகள் தனித்தனியாக டெக்னிக் கற்றுக்கொள்கிறார்கள், ஆட்டத்தில் அதை எப்போது பயன்படுத்துவது என்று தெரியாமல் நிற்கிறார்கள், எனவே சின்னதாக்கிய ஆட்டத்திலிருந்து தொடங்குங்கள், "எப்படி" என்பதற்கு முன் "என்ன செய்யலாம்" என்று கேளுங்கள். நாற்பது வருஷத்துக்கும் மேல் ஆகிறது. நமக்கு இன்னும் அது க்விஸ்.

கேள்வி கேட்கிறேன் என்று சொல்லிக்கொண்டு நடக்கும் கூத்துகளும் எனக்குத் தெரியும், அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் ஏதோ பஜனை பாடுவதாக நினைப்பீர்கள். "புரிஞ்சுதா?" என்பது கேள்வியே இல்லை, அதற்கு ஒரே பதில்தான் உண்டு. "அங்க பாஸ் கொடுத்திருந்தா நல்லா இருந்திருக்கும்ல?" என்பது கேள்விக்குறி ஒட்டிய உத்தரவு. "ஏன்டா அப்படிப் பண்ண?" என்பது திட்டு, பையன் சாக்குதான் சொல்வான். "என்ன பார்த்த?" என்று மாற்றிக் கேட்டால் பார்த்ததைச் சொல்வான். எல்லாவற்றையும் விட மோசம், கோச் மனதில் ஒரு பதிலை வைத்துக்கொண்டு அது வரும்வரை ஒவ்வொருவனாக "நீ சொல்லு, நீ சொல்லு" என்று போவது. எப்போதும் பதில் சொல்லும் அந்த ஒரு பையன்தான் கடைசியில் சொல்வான், மற்றவர்கள் அவனைப் பார்த்துக்கொண்டே காலம் தள்ளுவார்கள்.

இன்னொன்று, இது பலருக்குத் தெரியாது. காலைப் பற்றி, கையைப் பற்றி ரொம்பக் கேட்கக் கூடாது. ரிச் மாஸ்டர்ஸ் என்ற ஆய்வாளர் 1992இல் கோல்ஃப் பந்து உருட்டுவதை வைத்து ஒரு சோதனை செய்தார். உடல் அசைவுக்கான விதிகளைச் சொல்லிப் பழக்கப்பட்டவர்கள் அழுத்தம் வந்தபோது தடுமாறினார்கள், விதிகள் மனதில் சேராதபடி பழகியவர்கள் தடுமாறவில்லை. ஆகவே "உதைக்கும்போது உன் கணுக்கால் எப்படி இருந்தது?" என்று தினமும் கேட்டால், முக்கியமான பெனால்டியின்போது அவன் கணுக்காலைப் பற்றி யோசித்துக்கொண்டு நிற்பான். கேள்வி வெளியே பார்க்க வைக்க வேண்டும்: ஆள் எங்கே, இடம் எங்கே, கோல்கீப்பர் எந்தக் காலில் சாய்ந்தார். அடிபடும் விஷயங்களில் கேள்வியே வேண்டாம். டேக்கிள் எப்படிப் போடுவது, தலையால் முட்டுவது எப்படி என்பதையெல்லாம் கண்டுபிடிக்க விட முடியாது, நேராகச் சொல்லித்தான் தர வேண்டும்.

பாருங்கள், சொல்லவே கூடாது என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. ஆனால் கமெண்டில் "அப்ப கோச் எதுக்கு?" என்று வருவீர்கள், எனக்குத் தெரியும். கத்தினால்தான் கோச் என்று நமக்குப் பழகிப்போச்சு. சத்தம் இல்லாவிட்டால் வேலை நடக்கவில்லை என்று தோன்றுகிறது. இதே ஆட்கள்தான் பிறகு "நம்ம பசங்களுக்குச் சொந்த மூளை இல்ல சார், சொன்னதைத்தான் செய்வானுங்க" என்று டீக்கடை ஞானம் பேசுவார்கள். பத்து வருஷம் சொன்னதை மட்டும் செய்ய வைத்தது யார்?

கேட்ட பிறகு காத்திருப்பதுதான் கஷ்டமே. 1970களில் மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் வகுப்பறைகளில் நேரம் பார்த்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடியாக்கியதும் பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். மூன்றே விநாடி. கடிகாரத்தைப் பார்த்துச் சும்மா இருந்து பாருங்கள், எவ்வளவு நீளம் என்று தெரியும். அதுவும் இரண்டு கோல் பின்தங்கி, வேலிக்கு அப்பால் இருபது பெற்றோர் நிற்கும்போது.

இப்போது அந்த வீடியோவைத் திரும்பப் போடுங்கள், சத்தத்தைக் கூட்டி. கோச் கேட்கிறார், காத்திருக்கிறார். அந்தப் பையன் கண்ணை மூடி, கையை லேசாகத் தோளுக்குப் பின்னால் கொண்டுபோய், ஆட்கள் நின்ற இடத்தை நினைவுக்குக் கொண்டுவருகிறான். "ஒருத்தன்..." என்று ஆரம்பிக்கிறான். வேலிக்கு வெளியே இருந்து ஒரு பெரிய மனிதர் குரல்: "ரெண்டு பேருடா, ரெண்டு பேரு! சொல்லு!" பையன் கையைக் கீழே போட்டுவிட்டு, "ரெண்டு பேரு சார்" என்கிறான்.

அதற்குத்தான் கைதட்டல் கேட்கிறது அந்த வீடியோவில்.