கிலோவுக்கு 20 டாலர் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

விமான நிறுவனத்திடமிருந்து மெயில் வந்தது. என் பெட்டி இனி கிடைக்காது, தொலைந்ததாக ஏற்றுக்கொள்கிறோம், அதற்காக கிலோவுக்கு 20 டாலர் வீதம் 23 கிலோவுக்கு 460 டாலர் தருகிறோம், இதுவே இறுதித் தீர்வு என்று படிவத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள் என்று எழுதியிருக்கிறார்கள். நான் கையெழுத்துப் போடவில்லை, போடவும் மாட்டேன். ஏன் என்று விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதே மாதிரி மெயில் வந்தவுடன் கிடைத்தது போதும் என்று வாங்கிக்கொண்டவர்கள் நம் வண்ணாரப்பேட்டையிலேயே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

தம்பி மெல்போர்னில் இருக்கிறான். அவன் மனைவிக்கு வளைகாப்பு, நாத்தனார் நான் போகாமல் எப்படி? சென்னையில் ஏறி, நடுவில் ஓர் ஊரில் விமானம் மாறி மெல்போர்ன் போனேன், திரும்பி வரவும் சேர்த்தே டிக்கெட். நான் போய்ச் சேர்ந்தேன், பெட்டி சேரவில்லை. அங்கேயே, வெளியே வருவதற்கு முன்பே, லக்கேஜ் கவுன்டரில் புகார் எழுதி பி.ஐ.ஆர் என்று சொல்கிற அறிக்கையையும் அதன் எண்ணையும் வாங்கிக்கொண்டேன். பெட்டிக்கு ஒட்டிய பார்கோடு சீட்டின் மறுபாதி, போர்டிங் பாஸ், இந்த அறிக்கை ஆகிய மூன்றும்தான் என் பெட்டியை அவர்கள் வாங்கிக்கொண்டார்கள், திருப்பித் தரவில்லை என்பதற்கு அத்தாட்சி.

இப்போது அந்தக் கிலோ கணக்குக்கு வருகிறேன். எடைக்கு இவ்வளவு என்று இழப்பீடு தருவது 1929-ல் வார்சாவில் போட்ட பழைய ஒப்பந்தத்தின் வழியாக வந்தது. அதற்குப் பதிலாக 1999-ல் மான்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது, இந்தியா அதில் 2009-ல் சேர்ந்தது, ஆஸ்திரேலியாவிலும் அதே வருடம்தான் அது அமலுக்கு வந்தது. என் பயணத்துக்குப் பொருந்துவது இந்த மான்ட்ரியல்தான். இதில் செக்-இன் பெட்டிக்குக் கிலோ கணக்கே கிடையாது. பயணி ஒருவருக்கு இவ்வளவு என்று ஓர் உச்சவரம்பு, அதற்குள் உண்மையில் எவ்வளவு நஷ்டமோ அதைக் காட்டி வாங்கலாம். அந்த வரம்பு 2024 டிசம்பர் 28 முதல் 1,519 எஸ்.டி.ஆர். எஸ்.டி.ஆர் என்பது பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு, அதன் மதிப்பு தினமும் மாறும், ஆனாலும் ரூபாயில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் போகும். அவர்கள் தருவதாகச் சொல்வது நாற்பதாயிரம் பக்கம்.

டிக்கெட்டின் நிபந்தனையில் கிலோ கணக்கு போட்டிருக்கிறதே என்று கேட்கலாம். போட்டிருக்கிறது. ஆனால் ஒப்பந்தத்தின் 26ஆவது பிரிவு, அதில் உள்ள வரம்பைவிடக் குறைவாக நிறுவனம் தானாக எந்த நிபந்தனை வைத்தாலும் அது செல்லாது என்று நேராகவே சொல்கிறது. என் பதிலில் முதல் பத்தி இதுதான்.

ஆனால் உச்சவரம்பு என்பது கேட்டவுடன் தூக்கிக் கொடுக்கிற தொகை இல்லை. நஷ்டத்தை நாம்தான் நிரூபிக்க வேண்டும், இங்கேதான் பலரும் மாட்டிக்கொள்கிறோம். எம்.சி. ரோட்டில் துணி எடுப்பவர்களுக்குத் தெரியும், பெரிய கடையில் ஜி.எஸ்.டி பில் வரும், நடைபாதைக் கடையில் துண்டுச்சீட்டுகூட வராது. அதனால் நான் பட்டியலை மூன்று விதமாகப் பிரித்தேன்.

பக்கா பில் உள்ளவை முதலில். தம்பி மனைவிக்கு எடுத்த பட்டுப் புடவை 18,500, அவள் அம்மாவுக்கு எடுத்தது 11,200, என்னுடைய இன்னொரு மூக்குக்கண்ணாடி 4,200. புடவைக் கடையில் கொடுத்த பில் தெர்மல் காகிதம், எழுத்து மங்கிப் போயிருந்தது. என் மொபைல் எண்ணைச் சொன்னதும் கடைக்காரர் கம்ப்யூட்டரில் பழைய பில்லைத் தேடி எடுத்து மறுபடி அச்சடித்து, முத்திரை வைத்துக் கொடுத்தார். அந்த அண்ணனுக்கு நன்றி சொல்லியே ஆகவேண்டும்.

அடுத்தது பில் இல்லை, ஆனால் பணம் போன தடம் இருக்கிறது. பித்தளைக் குத்துவிளக்கும் தாம்பாளமும் சேர்ந்து 6,800, சொந்தக்காரர்களுக்கு எடுத்த சுடிதார், சட்டை, கண்ணாடி வளையல் எல்லாம் 14,650. இதெல்லாம் ஜிபே-யில் கொடுத்தது. வங்கி ஸ்டேட்மென்ட்டில் அந்த வரிகளை மட்டும் குறித்து, பக்கத்தில் எந்தப் பொருள் என்று எழுதினேன். பெட்டி கட்டுவதற்கு முன் தம்பிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களையும் தேதி தெரிகிற மாதிரி சேர்த்தேன். படத்தில் இருக்கிற புடவையும் பில்லில் இருக்கிற புடவையும் ஒன்றுதான் என்று பார்த்தவுடன் தெரிகிறது.

மூன்றாவது நான் ஏற்கெனவே உபயோகித்த துணிமணி, செருப்பு, அப்புறம் அந்தப் பெட்டியே. இதற்குத் தேய்மானம் கழிப்பார்கள், அது நியாயமும்கூட. மூன்று வருடம் பழைய பெட்டி, வாங்கியது 5,400, நான் 3,600 கேட்டேன். துணிக்கு ஒன்பதாயிரம். ஆனால் மடிப்புக் கலையாத புதுப் புடவைக்கும் தேய்மானம் கழிக்கப் பார்த்தால் விடக் கூடாது, அதனால் ஒவ்வொரு வரியிலும் வாங்கிய தேதியையும் புதியதா, உபயோகித்ததா என்பதையும் எழுதியிருக்கிறேன்.

இதோடு, பெட்டி வராததால் அங்கே வாங்க வேண்டியிருந்த குளிருடை, மாற்றுத்துணி, சோப்பு, சீப்பு எல்லாம் தம்பியின் கார்டில் ரூபாய்க் கணக்கில் 16,900 ஆனது, அதற்கும் ரசீது இருக்கிறது. மொத்தம் 84,850. வரம்புக்குள் வசதியாக அடங்குகிறது. நான் ஒரு ரூபாய்கூட ஏற்றிக் கேட்கவில்லை. ஏற்றிக் கேட்டால் ஒரு வரி பொய் என்று தெரிந்ததும் மற்ற எல்லா வரியையும் சந்தேகப்படுவார்கள்.

இரண்டு காலக்கெடு முக்கியம். பெட்டி வந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 21 நாள் கடந்தும் வரவில்லை என்றால், நிறுவனம் ஏற்றுக்கொண்டாலும் இல்லாவிட்டாலும் நாம் இழப்பீடு கேட்கலாம், "இன்னும் தேடுகிறோம்" என்று இழுத்தடிக்க முடியாது. வழக்குப் போட இரண்டு வருடம். பெட்டி உடைந்து வந்தால் மட்டும் கையில் கிடைத்த ஏழு நாளுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். நடுவில் விமானம் மாறிய ஊரில்தான் தொலைந்தது, அது வேறு கம்பெனி என்று கைகாட்டினாலும் கவலை இல்லை, முதல் விமானத்தின் நிறுவனத்தையோ கடைசி விமானத்தின் நிறுவனத்தையோ நாம் கேட்கலாம்.

உள்நாட்டுப் பயணத்துக்கு இந்த எஸ்.டி.ஆர் வரம்பு பொருந்தாது, அங்கே உச்சவரம்பு 20,000 ரூபாய்தான். மதுரைக்குப் பட்டுப்புடவைப் பெட்டியோடு பறக்கிறவர்கள் அதைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

படிவத்தைத் திருப்பி அனுப்பவில்லை. பட்டியல், பில்கள், ஸ்டேட்மென்ட், படங்கள் எல்லாவற்றையும் ஒரே பி.டி.எஃப் ஆக்கி, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, 30 நாள் அவகாசம் கொடுத்து மெயிலும் பதிவுத் தபாலும் அனுப்பியிருக்கிறேன். விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஏர்சேவா தளத்திலும் புகார் போட்டாகிவிட்டது. பதில் இல்லை என்றால் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். நாம் குடியிருக்கிற இடத்திலேயே வழக்குப் போடலாம், நாம் கொடுத்த டிக்கெட் பணம் ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. இதே நிறுவனத்திடம் கிலோ கணக்கில் பணம் வாங்கியவர்கள், குறிப்பாக இறுதித் தீர்வுப் படிவத்தில் கையெழுத்துப் போடாமல் வாங்கியவர்கள் யாராவது இருந்தால் அந்த மெயிலை எனக்கு அனுப்புங்கள், ஆணையத்துக்குப் போனால் என் மனுவோடு சேர்க்க உதவும்.