டியூஷன் சாரைப் பிடித்தால் மட்டும் போதுமா?

"ஆறாவது படிக்கிற பையனுக்கு ஆன்லைன் சாரை ரொம்பப் பிடிச்சிருக்கு. ஆனா கணக்கு வர்ற மாதிரி தெரியல. மாத்தலாமா?" – கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு அம்மா

உடனே மாற்ற வேண்டாம், நான்கு வாரம் பாருங்கள். பின்னக் கூட்டலில் பத்துக் கணக்கு எழுதி, வகுப்பு இல்லாத நேரத்தில் தனியாகப் போடச் சொல்லி, தேதியிட்டு வையுங்கள். வகுப்பில் போட்டதைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அதில் பாதி சார் எடுத்துக்கொடுத்ததாக இருக்கும்.

1/2 + 1/3 = 2/5 என்று எழுதியிருந்தால், மேலேயும் கீழேயும் தனித்தனியாகக் கூட்டுகிறான். பாடம் தயாரித்து வரும் சார் அடுத்த வகுப்பிலேயே அதைப் பிடிப்பார்: பாதியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் பாதியைவிடக் குறையுமா என்று படம் போட்டுக் கேட்டு, 3/6 + 2/6 = 5/6 வரை அவனையே கொண்டுபோவார். தயாரிக்காதவர் "போன தடவை எங்க விட்டோம்?" என்று பையனிடமே கேட்பார். எந்தப் புத்தகம் திறக்கிறார் என்றும் பாருங்கள். பக்கத்திலிருக்கும் புதுச்சேரியின் அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.க்கு மாறிவிட்டன, உங்கள் பையனுக்குச் சமச்சீர் என்றால் இரண்டு பக்கப் பிள்ளைகளுக்கும் சார் ஒரே தாளை ஓட்டக் கூடாது.

நேரத்தைக் காலண்டரில் குறியுங்கள். மாதம் எட்டு வகுப்பு, ஒவ்வொன்றிலும் ஆறு நிமிடம் தாமதம் என்றால் 48 நிமிடம். 45 நிமிட வகுப்பு ஒன்று முழுசாகப் போச்சு. சிரிக்கச் சிரிக்கப் பேசுபவரிடம்தான் இது கண்ணில் படாது.

நான்காவது வாரம் அதே வகைக் கணக்கை எண் மாற்றிக் கொடுங்கள். அந்த 2/5 திரும்பவும் வந்தால் மாற்றிவிடலாம்.