டிஸ்கிரிப்ஷனில் டேக் குவிப்பது பற்றி ஒரு திருத்தம்

"யூடியூப் டிஸ்கிரிப்ஷன் அடியில நூறு கீவேர்டை வரிசையா ஒட்டுங்க, தேடல்ல வீடியோ மேல வரும்."

இது சரியில்லைங்க. டிஸ்கிரிப்ஷனில் அளவுக்கு மீறி டேக் சேர்ப்பதை யூடியூப் ஸ்பேம் விதிமீறலாகத்தான் பார்க்கிறது, வீடியோவே நீக்கப்படலாம். ஹேஷ்டேக் 60-ஐத் தாண்டினால் அந்த வீடியோவின் எல்லா ஹேஷ்டேக்கையும் கணக்கில் எடுக்காது. யூடியூப் உதவிப் பக்கத்தில் 'Tags', 'Hashtags' என்று தேடினால் இரண்டையும் நீங்களே படிக்கலாம்.

வீடியோ ஏற்றும்போது தனியாக வரும் "டேக் பெட்டியே வீண்" என்று சிலர் சொல்வது பாதி சரி. அதன் பங்கு மிகக் குறைவு, ஆனால் எழுத்து மாற்றித் தேடப்படும் பெயர்களுக்கு உதவும். தமிழுக்கு இது ரொம்பவே பொருந்தும். குழிப்பணியாரம் வீடியோ என்றால் `kuzhi paniyaram`, `kuli paniyaram`, `paniyaram` மூன்றையும் அந்தப் பெட்டியில் போடுங்கள்.

டிஸ்கிரிப்ஷனின் முதல் இரண்டு வரி ஆள் படிக்கிற வாக்கியமாக இருக்கட்டும்: "இட்லி மாவு மீந்தால் பத்து நிமிடத்தில் காரக் குழிப்பணியாரம், சட்டியில் ஒட்டாமல் எடுக்கும் முறையும் உண்டு." தேடுகிறவர் தட்டும் சொற்கள் இதிலேயே வந்துவிட்டன. எந்தச் சொல்லைத் தேடி உங்களிடம் வருகிறார்கள் என்பது ஸ்டுடியோவின் அனலிடிக்ஸில், யூடியூப் தேடல் என்ற பகுதியில் தெரியும்.