ஆபீஸ் சோஷியல் மீடியா விதிய திருத்தி எழுதுறவங்களுக்கு ஒரு வார்த்தை

எங்க கம்பெனி நடத்தை விதிகள்ல சோஷியல் மீடியா பகுதிய திருத்துற குழுவுல என்னையும் போட்டிருந்தாங்க. பழசு மொத்தமே மூணு வரிதான். நிறுவனத்தோட நற்பெயருக்குக் களங்கம் வர்ற மாதிரி எதையும் பதிவிடக்கூடாது, எல்லா கணக்கு விவரமும் ஹெச்ஆர்ல கொடுத்து வைக்கணும், கேட்டா கணக்கைத் திறந்து காட்டணும். அவ்ளோதான், ஆனா இந்த மூணு வரிய வச்சு யாரை வேணும்னாலும் தூக்கலாம்.

பல பேர் இதை எடுத்துட்டு உட்கார்ந்து "களங்கம்"ங்கறதுக்கு பதிலா "பாதிப்பு"ன்னு மாத்தி வேலை முடிஞ்சதுன்னு நினைச்சுக்கறாங்க. நாங்க வேற மாதிரி பண்ணோம். ஊழியர்கள் நிஜமாவே போடக்கூடிய மாதிரி மூணு பதிவை நாங்களே எழுதி, பழைய விதிப்படி யார் மாட்டுவாங்கன்னு பார்த்தோம்.

முதல் பதிவு, "இந்த மாசம் எல்லா சனிக்கிழமையும் வேலை, ஓவர்டைம் காசு இன்னும் வரல, உங்க டீம்லயும் இப்படித்தானா?" ரெண்டாவது, பிறந்தநாள் கேக் வெட்டுற செல்ஃபி, பின்னாடி மானிட்டர்ல கஸ்டமர் பேரும் போன் நம்பரும் தெளிவா தெரியுது. மூணாவது, நம்ம ஆளே நம்ம பொருளுக்கு அஞ்சு ஸ்டார் கொடுத்து "வாங்குனேன், அருமை"ன்னு ரிவ்யூ எழுதுறாரு, இங்க வேலை பாக்குறேன்னு எங்கயும் சொல்லல.

பழைய விதிப்படி மாட்டுறது முதல் ஆள் மட்டும்தான்! கேக் செல்ஃபிக்கு லைக் விழுந்திருக்கும், ரிவ்யூ எழுதுனவருக்கு மேனேஜர் நன்றியே சொல்லியிருப்பாரு. ஆனா நிஜமா ஆபத்து பின்னாடி ரெண்டுலதான் இருக்கு, ஒண்ணு அடுத்தவங்க தகவல் வெளிய போகுது, இன்னொண்ணு வாங்குறவங்கள ஏமாத்துது. முதல் ஆள் சக ஊழியர்கள்கிட்ட சம்பளம் பத்தி பேசுறாரு, அமெரிக்காவுல 1935ல வந்த தொழிலாளர் சட்டமே இந்த மாதிரி பேச்சுக்கு பாதுகாப்பு கொடுக்குது, அங்க இதைத் தடுக்கிற மாதிரி விதி எழுதுனா கம்பெனிக்குத்தான் சிக்கல்.

அதனால "நற்பெயர்"ங்கறதையே எடுத்துட்டு, எந்தச் செயல் தப்புன்னு நேரா எழுதுனோம். கஸ்டமர், சக ஊழியர் பத்தின தனிப்பட்ட தகவல், இன்னும் வெளியாகாத கம்பெனி விவரம், இதெல்லாம் படமாவும் போகக்கூடாது. நம்ம பொருளைப் பத்தி நல்லதா எழுதுனா இங்க வேலை பாக்குறேன்னு அந்தப் பதிவுலயே சொல்லணும். கம்பெனி சார்பா பேசுற மாதிரி காட்டிக்கக்கூடாது. சக ஊழியரை மிரட்டுறது, தொல்லை கொடுக்கிறது ஆபீஸ்ல எப்படி தப்போ அங்கயும் அப்படியே. இதுக்குக் கீழயே, "சம்பளம், வேலை நேரம், பாதுகாப்பு, மேலதிகாரி நடந்துக்கற விதம் பத்திப் பேசுறதையோ, அரசியல், மதக் கருத்தையோ இந்த விதி தடுக்காது"ன்னு ஒரு வரி. இந்த வரிக்குத்தான் பெரிய சண்டை. சட்டப்பிரிவுல இருந்து வந்தவர், எழுதாம விட்டாலும் அதே அர்த்தம்தானேன்னாரு. அவருக்கு அதே அர்த்தம்தான், மாட்டிக்கறவனுக்கு இல்லயே!

"கருத்துக்கள் என்னுடையவை மட்டுமே"ன்னு ப்ரொஃபைல்ல கண்டிப்பா போடணும்னும் ஒருத்தர் கேட்டாரு. வேணாம்னுட்டோம். அதைப் போட்டுட்டு ரகசியத்தை வெளிய விட்டாலும் தப்பு தப்புதான், அதைப் போடாம ஒருத்தர் சினிமா பத்தி எழுதுனா கம்பெனி சொன்னதா யாரும் நினைக்கப் போறதில்ல.

அடுத்தது கண்காணிப்பு. ஊழியருக்கு விதி எழுதுற யாரும் கம்பெனிக்கு எழுதறதே இல்ல, நாங்க அதையும் எழுதுனோம். பாஸ்வேர்ட் கேட்க மாட்டோம், முன்னாடி உட்கார வச்சு கணக்கைத் திறக்கச் சொல்ல மாட்டோம் (அமெரிக்காவோட மேரிலாண்ட் மாநிலம் 2012லயே பாஸ்வேர்ட் கேக்குறதுக்கு தடை போட்டுச்சு, இது ஒண்ணும் புது புரட்சி இல்ல). மேனேஜர் தனக்குக் கீழ வேலை பாக்குறவங்களுக்கு ஃப்ரெண்ட் ரிக்வெஸ்ட் அனுப்பக்கூடாது, ஏன்னா அதை மறுக்கிற தைரியம் எத்தனை பேருக்கு இருக்கும்? எழுத்துல புகார் வந்தா மட்டும், அந்த ஒரு பதிவை மட்டும், ரெண்டு பேர் சேர்ந்து பாக்கணும். பழைய பதிவுகளைத் தோண்டக்கூடாது. புகார் நிக்கலன்னா ஸ்கிரீன்ஷாட்டை அழிச்சுடணும், இல்லன்னா அது யாரோட ஃபோல்டர்லயாவது கிடந்து அப்ரைசல் நேரத்துல எட்டிப் பாக்கும்.

இப்போ தீராம இருக்கறது வாட்ஸ்அப் குரூப் விஷயம்தான். அஞ்சு பேர் இருக்கற தனிப்பட்ட குரூப்ல ஒருத்தர் மேனேஜரைத் திட்டுறாரு, கூட இருக்கறவரே ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஹெச்ஆருக்கு அனுப்பிடறாரு. மிரட்டலோ தொல்லையோ கஸ்டமர் தகவலோ இல்லன்னா அதைத் திறந்தே பாக்காம திருப்பி அனுப்பணும்ங்கறது என் கட்சி. திறக்காம எப்படிய்யா தெரியும்னு கேக்குறாங்க, நியாயமான கேள்விதான். அனுப்புறவரே புகார்ல எந்த விதி மீறல்னு எழுதணும், அது இல்லாத படத்தை வாங்கவே கூடாதுன்னு ஒரு வரி எழுதிக் கொடுத்திருக்கேன், அடுத்த மீட்டிங்ல வருது.