கரும்பச்சை அட்டையில் தங்க எழுத்து, முகூர்த்த நேரம் தெரிகிறதா?

கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்வது என் தொழில். கொஞ்ச நாளாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் கேட்கிறார்கள். அட்டை கரும்பச்சையிலோ மெரூனிலோ இருக்க வேண்டும், எழுத்து முழுக்கத் தங்க நிறத்தில் வேண்டும். நிறத்தில் எனக்குக் குறை இல்லை. முகப்பிலிருந்து கடைசி வரி வரை எல்லாமே தங்கம் என்பதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

போன மாதம் ஒரு குடும்பம் வந்தது. கரும்பச்சையை அவர்களே கம்ப்யூட்டரில் அந்த நிறத்தைக் குறிக்கும் எண்ணோடு கொண்டுவந்திருந்தார்கள்: #006400. எழுத்துக்குத் தங்கம், #D4AF37. பெண்ணின் மாமா, "தம்பி, கையில எடுத்தா நகை மாதிரி மின்னணும்" என்றார். எழுத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்சத்தில் எவ்வளவு வித்தியாசம் என்று கணக்கிடும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. இணையப் பக்கங்களுக்கான விதிப்படி சாதாரண அளவு எழுத்துக்கு அந்த விகிதம் குறைந்தது 4.5 இருக்க வேண்டும், பெரிய எழுத்துக்கு 3 போதும். அச்சுக்கு இது சட்டம் இல்லை, ஆனால் நல்ல அளவுகோல். அவர்களுடைய ஜோடிக்கு வந்தது 3.5. அதாவது மணமக்கள் பெயருக்குச் சரி, முகவரிக்குச் சரியில்லை. அதே தங்கத்தை மெரூனில் (#800000) வைத்தால் 5.2 வருகிறது. இரண்டு அட்டையுமே கண்ணுக்கு ‘டார்க்’தான், ஆனாலும் எழுத்து தெரிவதில் இவ்வளவு வித்தியாசம். பச்சையில் சிவப்பு எழுத்து கேட்கிறவர்களும் உண்டு. அதற்கு 2 கூட வராது. நிறம் வேறு வேறாக இருந்தால் போதாது, ஒன்று வெளிச்சமாகவும் மற்றது இருட்டாகவும் இருக்க வேண்டும். கருவியெல்லாம் வேண்டாம் என்றால், டிசைனை போனில் கறுப்பு வெள்ளைப் படமாக மாற்றிப் பாருங்கள். எழுத்து பின்னணியோடு கரைந்தால் அந்த ஜோடி ஆகாது.

அதோடு முடிந்ததா? ‘மின்னணும்’ என்பதற்காகத் தங்கத்தை ஒரே நிறமாக வைக்காமல், மேலே வெளிர் மஞ்சளில் தொடங்கிக் கீழே பழுப்பில் முடிகிற மாதிரி ஓடவிடுவார்கள். அந்தப் பழுப்பு (#8B6914 என்று வையுங்கள்) பச்சை மேல் வெறும் 1.5. எழுத்தின் கீழ்ப்பாதி காணாமல் போகும். மணமகள் பெயரில் இந்த வேலை அழகு. "காலை 6.00 மணிக்கு மேல்" என்ற வரியில் வேண்டவே வேண்டாம்.

ஆப்செட் அச்சில் கரும் பின்னணி என்பது பல மைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து வருவது. வெளிர் எழுத்து அந்த மைகளுக்கு நடுவே விட்ட இடைவெளி, அவ்வளவுதான். மை கொஞ்சம் பரவினாலோ, ஒரு பிளேட் இம்மி நகர்ந்தாலோ அந்த இடைவெளி மூடும். தமிழில் முதலில் போவது புள்ளி. "முகூர்த்தம்" என்ற ஒரே சொல்லில் மூன்று புள்ளி இருக்கிறது. அடுத்து எண்கள். 6-இன் வாய் அடைபட்டால் 8 மாதிரித் தெரியும். முகூர்த்தத்துக்கு வர வேண்டியவர் டிபனுக்கு வந்து நிற்பார்! பளபளக்கும் தங்கத் தாளைச் சூட்டாலும் அழுத்தத்தாலும் அட்டையில் ஒட்டுகிற பாயில் வேலையிலும் இதே தொல்லை உண்டு. சூடோ அழுத்தமோ அதிகமானால் எழுத்தின் சின்னச் சின்ன வளைவுகளுக்குள்ளும் பாயில் ஒட்டிக்கொள்ளும். அதனால் கரும் பின்னணியில் மெல்லிய எழுத்துருவை நான் எடுப்பதில்லை. கொஞ்சம் தடித்தது, வெள்ளைத்தாளுக்கு வைப்பதைவிட ஓரிரு பாயிண்ட் பெரியது, எழுத்துகளுக்கு நடுவே சற்று கூடுதல் இடம்.

ஆனால் பெரிதாக்க இடம் எங்கே? தாத்தா, பாட்டி, பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா என்று பெயர்ப் பட்டியல் நீண்டுகொண்டே போகும். ஒரு பெயரை விட்டாலும் பஞ்சாயத்துதான். எழுத்தைச் சிறிதாக்கித்தான் எல்லாரையும் உள்ளே அடைக்க முடியும்.

அந்தக் குடும்பத்துக்கு நான் சொன்ன வழி இது. முகப்பு அவர்கள் கேட்ட பச்சைதான். அதில் பிள்ளையாரும் மணமக்கள் பெயரும் மட்டும், பெரிதாக, தங்கப் பாயிலில். உள்தாள் கிரீம் நிறம், எழுத்து அதே கரும்பச்சை. இந்த ஜோடிக்கு விகிதம் 7 வருகிறது, முன்பு இருந்ததைப் போல இரு மடங்கு. பெயர்ப் பட்டியலும் மண்டப முகவரியும் அங்கே தாராளமாக உட்கார்ந்தன. மூலையில் மஞ்சள் தடவினாலும் கிரீம் தாளில் மஞ்சளாகவே தெரியும், கரும்பச்சையில் கறை மாதிரி இருக்கும். மாமாவை ஒப்புக்கொள்ள வைத்தது இதுதான், என் விகிதக் கணக்கு இல்லை.

புரூஃபை கம்ப்யூட்டர் திரையில் பார்த்து ஓகே சொல்லாதீர்கள். திரை தானே ஒளி விடுகிறது, தாள் விடுவதில்லை. அதே அட்டையில், அதே அளவில் ஒரு பிரதி கேளுங்கள். சாயங்காலம் டியூப்லைட் வெளிச்சத்தில் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் கொடுத்து நேரத்தையும் மண்டபத்தையும் வாசிக்கச் சொல்லுங்கள். பாயில் என்றால் அட்டையைச் சற்றுச் சாய்த்தும் பார்க்க வேண்டும். ஒரு கோணத்தில் பளபளக்கும், இன்னொரு கோணத்தில் கறுத்துவிடும்.

இதே காரணத்தால் பாயில் அட்டையை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவதும் சரிவராது. வாட்ஸ்அப்புக்கு மூல ஃபைலிலிருந்தே தனிப் படம் கேட்டு வாங்குங்கள். அதில் பாயில் இருந்த இடத்தில் ஓடாத, ஒரே வெளிர் மஞ்சள் இருக்கட்டும்.