முட்டையின் அளவும் புரதக் கணக்கும்: ஒரு திருத்தம்

“முட்டை சிறியதோ பெரியதோ, ஒன்றுக்கு 6 கிராம் புரதம், மூன்று சாப்பிட்டால் 18 கிராம்” என்று ஒரு கணக்கு சொல்லப்படுகிறது.

இந்த 6 கிராம், ஓடு நீக்கியபின் ஏறத்தாழ 50 கிராம் எடையுள்ள பெரிய முட்டைக்கு உரியது. ஓடு நீங்கலாக 38 கிராம் அளவில் இருக்கும் சிறிய முட்டையில் 4.8 கிராம் புரதமும் 54 கலோரியும், 44 கிராம் நடுத்தர முட்டையில் 5.5 கிராமும் 63 கலோரியும், பெரியதில் 6.3 கிராமும் 72 கலோரியும் உள்ளன. எனவே மூன்று சிறிய முட்டைகள் உண்பவருக்குக் கிடைப்பது 14 கிராமை ஒட்டிய புரதமே. கலோரியும் மூன்று பெரிய முட்டைகளுக்குரிய 216-க்குப் பதிலாக 162 அளவில் நின்றுவிடுகிறது.

சிறிய முட்டையில் சத்து அடர்த்தி அதிகம் என்ற கருத்தையும் அப்படியே ஏற்க இயலவில்லை. மஞ்சள் கருவின் பங்கு கோழியின் வயதைப் பொறுத்து மாறுவது உண்மை என்றாலும், கிராமுக்குக் கிராம் வேறுபாடு சிறிதே. வேகவைத்த முட்டையை ஓட்டோடு நிறுத்துக் கணக்கிடுபவர், எடையில் எட்டில் ஒரு பங்கைக் கழித்துவிட்டால் அவருடைய எண் சரியாகிவிடும். அளவுப் பெயர்கள் நாட்டுக்கு நாடு மாறுவதால், பெட்டியில் அச்சிட்ட பெயரைவிடத் தராசே நம்பத்தக்கது. ஒரு தேக்கரண்டி எண்ணெயில் பொரித்தால் 40 கலோரி கூடுகிறது. அது அளவு வேறுபாட்டையே மறைத்துவிடும்.