ஆறுதலா வாறம்

(பாளையங்கோட்டை. திண்ணையில் அம்மா சொளவில் உளுந்து புடைக்கிறாள். மகன் முத்து கையில் போன். கனடாவில் இருக்கும் பெரியம்மா மகன் ராசாவின் மனைவி யாழ்ப்பாணத்துப் பெண். அவள் செய்தி அனுப்பியிருக்கிறாள்.)

முத்து: ''மாமி, சுகமா இருக்கிறியளோ? டிசம்பர்ல நாங்கள் ஆறுதலா உங்க வாறம். சோலி ஒண்டும் இல்லை.'' இவ்வளவுதாம்மா.

அம்மா: (சொளவைக் கீழே வைத்து) ஐயோ, ராசாவுக்கு வேல போயிட்டே!

முத்து: எங்க அப்படி இருக்கு?

அம்மா: சோலி ஒண்ணும் இல்லங்காள்லா. அதான் ஆறுதல் தேடி வாறாவ.

முத்து: யம்மா, நமக்குச் சோலின்னா வேல. அவங்களுக்குச் சோலின்னா தொந்தரவு. பிரச்சின ஒண்ணும் இல்லன்னு சொல்லுதா.

அம்மா: அப்போ ஆறுதல்?

முத்து: அவசரமில்லாம, சாவகாசமான்னு அர்த்தம். நாம 'பைய வாறோம்'னு சொல்லுவோம்லா, அதேதான். ஆபீசுல யாழ்ப்பாணத்துக்காரரு ஒருத்தரு தெனமும் ஆறுதலாச் சாப்பிடுங்கோன்னுதான் சொல்லுவாரு. மொத நாளு, யாரோ செத்துப்போனாவன்னு எனக்குச் சோறு எறங்கல.

அம்மா: சரி, 'உங்க'ன்னு மொட்டையா நிறுத்திட்டாளே. உங்க வீட்டுக்கா, உங்க ஊருக்கா?

முத்து: 'உங்க'ன்னாலே நீ இருக்க எடம். அ, இ, உ மூணும் சுட்டெழுத்துன்னு பள்ளிக்கூடத்துல படிச்சோம்லா? நாம பேச்சுல இங்க, அங்கயோட நிறுத்திட்டோம். அவிய உகரத்த விடல. எங்கிட்ட இருந்தா இது, உங்கிட்ட இருந்தா உது, ரெண்டு பேருக்கும் தள்ளி இருந்தா அது.

அம்மா: அப்போ ஒங்கையில இருக்க போனு எனக்கு உதுவா?

முத்து: ஆமா.

அம்மா: உத மொதல்ல கீழ வையி. காலைலருந்து பாத்துக்கிட்டே இருக்க. மாமின்னு வேற எழுதிருக்கா. ஐயரு வீடுன்னு நெனச்சிட்டாளா?

முத்து: அத்தைய அங்க எல்லாரும் மாமின்னுதான் கூப்பிடுவாவ. பதில் என்ன அனுப்ப?

அம்மா: ''ஏ சவமே, இத்தன நாளா எங்கட்டி போன? டிசம்பர்ல வீட்டுல சோலி நெறைய கெடக்கும். ஆனாலும் வா.''

முத்து: யம்மா! சவம்னு நாமதான் கொஞ்சுவோம், அவளுக்கு அது பொணம். வீட்டுல சோலி நெறையன்னா குடும்பமே சண்டைல கெடக்குன்னு நெனப்பா. டிக்கெட்ட ரத்து பண்ணிருவா.

அம்மா: அப்போ அவ பாசையிலயே எழுது.

முத்து: (தட்டிக்கொண்டே) ''ஓம், எல்லாரும் சுகம். இங்க ஒரு சோலியும் இல்லை. ஆறுதலா வாங்கோ.'' அனுப்பிட்டேன்.

அம்மா: ஏல, ஒரு சோலியும் இல்லன்னா எழுதுன?

முத்து: ஆமா.

அம்மா: பின்ன இந்த உளுந்த ஒங்கப்பனா பொடைக்காரு?